உதைக்கும் துப்பாக்கி, துளைக்கும் குண்டு: உந்தம் ஒன்று, ஆற்றல் வேறு

ரைஃபிளால் சுடுகிறவரின் தோளை அதன் அடிக்கட்டை ஓர் உதை உதைக்கிறது. பழக்கமில்லாதவருக்குத் தோள் கன்றிப்போகலாம். அதற்கு மேல் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் குழலின் மறுமுனையிலிருந்து கிளம்பிய குண்டு கனமான மரப்பலகையைத் துளைத்துக்கொண்டு போகிறது.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். சுடுவதற்கு முன் துப்பாக்கியும் அசையவில்லை, குண்டும் அசையவில்லை. மொத்த உந்தம் சுழியம். சுட்ட பிறகும் மொத்தம் சுழியமாகவே இருக்க வேண்டும் என்பது உந்த அழிவின்மை விதி. ஆகவே குண்டு எவ்வளவு உந்தத்துடன் முன்னே போகிறதோ, அதே அளவு உந்தத்துடன் துப்பாக்கி பின்னே வருகிறது. உந்தம் இரண்டுக்கும் சமம். அப்படியென்றால் பலகை துளைபட, தோள் மட்டும் தப்புவது எப்படி?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். கனமான பொருள் ஒன்றுக்கும் இலேசான பொருள் ஒன்றுக்கும் ஒரே உந்தம் இருக்கிறது. எதற்கு இயக்க ஆற்றல் அதிகம்? கனமானதற்குத்தான் என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சரியான விடை, இலேசானதற்கு. இதைச் சூத்திரத்தால் இரண்டே வரியில் நிறுவிவிடலாம். ஆனால் ஏன் அப்படி என்பது விளங்க வேண்டுமானால், துப்பாக்கிக் குழலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கணக்கு

எண்கள் எளிதாக இருக்கட்டும். ரைஃபிளின் நிறை 4 கிலோ. குண்டின் நிறை 10 கிராம். குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இவை நிஜ ரைஃபிள்களுக்கு நெருக்கமான எண்கள்தான்.

உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. குண்டுக்கு 0.01 × 800, அதாவது 8. இதன் அலகு கிலோகிராம் மீட்டர்/நொடி. சுருக்கமாக 8 அலகு என்போம். துப்பாக்கிக்கும் 8 அலகு உந்தம் வர வேண்டும். அது 4 கிலோ எடையுள்ளது; எனவே நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே வரும்.

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. குண்டுக்கு 0.005 × 800 × 800, அதாவது 3,200 ஜூல். துப்பாக்கிக்கு 2 × 2 × 2, அதாவது 8 ஜூல். எட்டு ஜூல் என்பது ஒரு கிலோ அரிசியைத் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைக்கும் வேலை. மூவாயிரத்து இருநூறு ஜூல் என்பது 65 கிலோ எடையுள்ள ஆளை ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும் வேலை. உந்தம் ஒன்றாக இருந்தும் ஆற்றலில் 400 மடங்கு வேறுபாடு. துப்பாக்கியின் நிறை குண்டின் நிறையைப்போல் 400 மடங்கு என்பதையும் கவனியுங்கள்.

இந்த 400 இரண்டு இடத்திலும் வந்தது தற்செயல் இல்லை. இயக்க ஆற்றலை உந்தத்தைக் கொண்டே எழுதினால் K = p²/2m என்று வரும். இதில் p உந்தம், m நிறை. உந்தம் இரண்டுக்கும் ஒன்றே என்றால் மேலே உள்ள p² மாறாது. கீழே உள்ள m மட்டும் மாறும். நிறை எத்தனை மடங்கு கூடுகிறதோ, ஆற்றல் அத்தனை மடங்கு குறையும்.

ஒரே நேரம், வேறு வேறு தூரம்

சூத்திரம் விடையைத் தருகிறது, காரணத்தைத் தரவில்லை. காரணம் குழலுக்குள் இருக்கிறது.

வெடிமருந்து எரிந்ததும் உண்டாகும் சூடான வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. துப்பாக்கியை அதே விசையால் பின்னே தள்ளுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் வரை இந்தத் தள்ளல் நீடிக்கிறது. ஆக, இரண்டுக்கும் விசை ஒன்று. அந்த விசை வேலை செய்த நேரமும் ஒன்று. விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அதனால்தான் உந்தம் சமமாகிறது.

ஆற்றலின் கணக்கு வேறு. விசையை அது தள்ளிக்கொண்டுபோன தூரத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். குழலின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குண்டு சுழிய வேகத்தில் தொடங்கி 800-ல் முடிக்கிறது. சராசரி வேகம் 400. அந்த வேகத்தில் 60 சென்டிமீட்டரைக் கடக்க ஆகும் நேரம் ஒன்றரை மில்லிநொடி. அதே ஒன்றரை மில்லிநொடியில் துப்பாக்கி எவ்வளவு நகர்ந்திருக்கும்? அதன் சராசரி வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். எனவே ஒன்றரை மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு நாணயத்தின் தடிமன்.

இந்த நேரத்தில் சராசரி விசை சுமார் 5,330 நியூட்டன். ஏறக்குறைய 540 கிலோ எடையைத் தாங்கும் விசை அது. அந்த விசை குண்டை 60 சென்டிமீட்டர் விரட்டிக்கொண்டு ஓடியது. 5,330-ஐ 0.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 3,200 ஜூல். துப்பாக்கியை அதே விசை ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்த்தியது. 5,330-ஐ 0.0015-ஆல் பெருக்கினால் 8 ஜூல். சூத்திரம் சொன்ன அதே எண்கள் வேறு வழியில் வந்துவிட்டன.

இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். ஒரே விசை ஒரே நேரம் தள்ளினால், இலேசான பொருள் விரைவில் வேகம் பிடித்து நெடுந்தூரம் ஓடிவிடுகிறது. விசை அதன் பின்னாலேயே போய் அந்தத் தூரம் முழுவதும் வேலை செய்கிறது. கனமான பொருள் நகர மறுப்பதால், விசைக்கு அதன்மேல் வேலை செய்யத் தூரமே கிடைப்பதில்லை.

நிறுத்தும்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும். சம உந்தமுள்ள இரண்டு பொருள்களை ஒரே விசையால் தடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். ஆனால் நிற்பதற்குள் இலேசானது அதிக தூரம் போயிருக்கும். தடுப்பது மரமாக இருந்தால் அத்தனை தூரம் துளைத்திருக்கும்.

உந்தம் கைமாறினால் ஆற்றல் எங்கே போகிறது?

1742-ல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் பீரங்கிக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு கருவியை அதில் விவரித்தார். கனமான மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு அதில் சுட வேண்டும். குண்டு உள்ளே புதைந்து நிற்க, கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதைக் கட்டையில் கோத்த நாடா காட்டும். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். எறிபடை ஊசல் என்ற பெயரில் கல்லூரி ஆய்வகங்களில் இது இன்றும் இருக்கிறது.

நம் குண்டை அப்படியொரு கட்டையில் செலுத்துவோம். குண்டோடு சேர்த்து மொத்தம் 8 கிலோ. குண்டு வெளியேறாத அளவுக்குத் தடிமன். குண்டு கொண்டுவந்த 8 அலகு உந்தம் அப்படியே கட்டைக்குப் போகிறது. எனவே கட்டை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. சுமார் 5 சென்டிமீட்டர் உயரம் ஏறித் திரும்புகிறது. அதன் இயக்க ஆற்றல் 4 ஜூல் மட்டுமே.

குண்டு கொண்டுவந்தது 3,200 ஜூல். மிச்சம் 3,196 ஜூல் அழிந்துவிடவில்லை. மர இழைகளைக் கிழிப்பதிலும், ஈயத்தை நசுக்குவதிலும், இரண்டையும் சூடாக்குவதிலும் செலவாகிவிட்டது. இலேசான பொருளிடமிருந்த உந்தத்தைக் கனமான பொருள் வாங்கிக்கொள்ளும்போது, அந்த உந்தத்தோடு அதனால் மிகக் குறைந்த இயக்க ஆற்றலைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மீதி வேறு வடிவத்துக்கு மாறியே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் குண்டை ஆபத்தானதாக்குகிறது.

இதை மறந்து கணக்குப் போட்டால் விடை வெகுதூரம் தவறிவிடும். 3,200 ஜூலும் கட்டையின் இயக்கத்துக்கே போனது என்று எடுத்துக்கொண்டால், கட்டை 40 மீட்டர் உயரம் எகிற வேண்டும் என்று வரும். மோதும் நொடிக்கு உந்தத்தை மட்டும் நம்ப வேண்டும். கட்டை ஆடத் தொடங்கிய பிறகுதான் ஆற்றலைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

சினிமாவில் சுடப்பட்டவர் பின்னால் பறந்து போய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறார். 70 கிலோ மனிதர் 8 அலகு உந்தத்தை முழுதாக வாங்கினாலும், அவர் பெறும் வேகம் நொடிக்கு 11 சென்டிமீட்டர்தான். மெதுவாக நடப்பதைவிடப் பல மடங்கு குறைவு. அந்த உந்தம் ஒருவரைத் தூக்கி எறியும் என்றால், சுட்டவரும் அதேபோல் எதிர்ப்பக்கம் பறந்திருக்க வேண்டும். குண்டு தூக்கி எறிவதில்லை, உள்ளே கிழிக்கிறது. தள்ளுவது உந்தம், கிழிப்பது ஆற்றல்.

களிமண்ணில் பார்க்கலாம்

இந்த இரண்டையும் பிரித்தறிய ஐரோப்பிய அறிஞர்களுக்கே பல பத்தாண்டுகள் ஆயின. இயக்கத்தின் உண்மையான அளவு நிறையை வேகத்தால் பெருக்கி வருவது என்பது டெகார்ட் வழிவந்தவர்களின் கட்சி. வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என்று 1686-ல் லைப்னிட்ஸ் எதிர்த்து எழுதினார். 1720-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் கிராவசாண்டே என்ற பேராசிரியர் பித்தளைப் பந்துகளை மிருதுவான களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். பள்ளத்தின் அளவு வேகத்தின் இருமடியைத்தான் பின்பற்றியது. 1740-ல் வெளிவந்த தம் இயற்பியல் நூலில் எமிலி து ஷாத்லே இருமடிக் கட்சிக்காக வாதாடினார். இரண்டு அளவும் தேவை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை என்பது பிறகுதான் தெளிவானது.

அந்தச் சோதனையை நம் கேள்விக்கு ஏற்றபடி மாற்றி வீட்டில் செய்யலாம். ஒரே பருமனுள்ள இரண்டு பந்துகள் வேண்டும். ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு எடை. பிசைந்த களிமண்ணை ஒரு தட்டில் கெட்டியாகப் பரப்பிக்கொள்ளுங்கள். கனமான பந்தை அரை மீட்டர் உயரத்திலிருந்தும், இலேசானதை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்தும் விடுங்கள். விழும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே நான்கு மடங்கு உயரம் இருமடங்கு வேகத்தைத் தரும். எடை பாதி, வேகம் இருமடங்கு. தரையைத் தொடும்போது இரண்டின் உந்தமும் சமம்.

இலேசான பந்தின் பள்ளம்தான் பெரிதாக இருக்கும். இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் ஊற்றி ஊசிக் குழாயால் உறிஞ்சி அளந்தால், கொள்ளளவு ஏறத்தாழ இருமடங்கு வர வேண்டும். வராவிட்டால் முதலில் களிமண்ணைச் சந்தேகியுங்கள். ஓரத்தில் காய்ந்திருந்தாலோ, அடியில் தட்டு தட்டுப்படும் அளவுக்கு மெல்லியதாக இருந்தாலோ கணக்கு பிசகும்.

எது சமம் என்று கேளுங்கள்

கனமானதற்கே ஆற்றல் அதிகம் என்று மனம் ஏன் தாவுகிறது? சாலையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே வேகத்தில் போகும் பஸ்ஸையும் பைக்கையும். வேகம் சமமாக இருந்தால் பஸ்ஸுக்குத்தான் உந்தமும் அதிகம், ஆற்றலும் அதிகம். ஆற்றல் சமம் என்றால் அப்போதும் கனமானதற்கே உந்தம் அதிகம். உந்தம் சமம் என்ற மூன்றாவது நிலையில் மட்டும்தான் ஆற்றலில் இலேசானது முந்துகிறது. ஏனென்றால் சம உந்தம் வேண்டுமானால் இலேசானது மிக வேகமாகப் போயே ஆக வேண்டும். அந்த வேகம் ஆற்றலில் இருமடியாகச் சேர்கிறது. கேள்வியில் எது சமம் என்று கண்டுபிடித்தால் பாதி விடை வந்துவிடும்.

துப்பாக்கிக் கணக்கில் நான் ஒன்றை விட்டு வைத்திருந்தேன். குண்டோடு சேர்ந்து வெடிமருந்து வாயுவும் முன்னே பீறிடுகிறது. அதன் நிறை சில கிராம்தான் என்றாலும் வேகம் குண்டின் வேகத்தைவிட அதிகம். அது ஒரு 4 அலகு உந்தத்தைக் கொண்டுபோனால், துப்பாக்கி திரும்பப் பெறுவது 8 அலகு இல்லை, 12. பின்வரும் வேகம் 3 மீட்டர், ஆற்றல் 18 ஜூல். உந்தம் ஒன்றரை மடங்கானபோது ஆற்றல் இரண்டே கால் மடங்காகிவிட்டது. அதனால்தான் சில துப்பாக்கிகளின் குழல் முனையில் பக்கவாட்டுத் துளைகள் வைத்து வாயுவைத் திசை திருப்புகிறார்கள். துப்பாக்கியைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொல்வதற்கும் காரணம் இதே விதிதான். இறுக்கிப் பிடித்தால் உடலின் ஒரு பகுதி துப்பாக்கியின் நிறையோடு சேர்ந்துகொள்கிறது. அதே உந்தம் அதிக நிறைமேல் விழுவதால் ஆற்றல் குறைகிறது. தளர்வாகப் பிடித்தால் 4 கிலோ இரும்பும் மரமும் தனியாக ஓடிவந்து தோளில் மோதும்.

மணவாளக்குறிச்சி மணலில்

இதே விதி அணுவுக்குள்ளும் நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரியம்-232 அணுக்கரு வெகு அரிதாகச் சிதைகிறது. அப்போது 4 அலகு நிறையுள்ள ஆல்ஃபா துகள் ஒன்று ஒரு பக்கம் பாய்கிறது. 228 அலகு நிறையுள்ள ரேடியம் அணுக்கரு எதிர்ப்பக்கம் பின்வாங்குகிறது. தொடக்கத்தில் தோரியம் ஓய்வில் இருந்ததால் இரண்டின் உந்தமும் சமம். நிறைகளின் விகிதம் 57.

சிதைவில் வெளிப்படும் மொத்த ஆற்றல் 4.08 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஆல்ஃபா துகளின் ஆற்றலை அளந்தால் 4.01 தான் கிடைக்கும். 0.07 குறைகிறதே என்று தேட வேண்டியதில்லை. 4.08-ஐ 58 பங்காக்கினால் ஒரு பங்கு 0.07. அது ரேடியத்துக்கு, மீதி 57 பங்கும் ஆல்ஃபாவுக்கு. ஆல்ஃபாவின் ஆற்றலை மட்டும் அளந்து அதுவே மொத்தம் என்று எழுதினால், விடை எப்போதும் இந்த ஒரு பங்கு குறைவாகவே இருக்கும்.

இந்தப் பங்கீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தோரியத்தின் ஆல்ஃபா ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வேகத்தில் போகிறது. அதுவரை p²/2m பிசகில்லாமல் பொருந்தும். ஒளியின் வேகத்தை நெருங்கினால் பொருந்தாது. மாபெரும் துகள் முடுக்கிகளில் ஒரே உந்தம் கொடுக்கப்பட்ட எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட சமமாகிவிடும். எவ்வளவு இலேசாக இருந்தாலும் எலக்ட்ரானால் ஒளியைத் தாண்டி ஓட முடியாது. அதிக தூரம் ஓடித்தான் இலேசான பொருள் அதிக ஆற்றலைச் சேர்க்கிறது. அந்த ஓட்டத்துக்கே வரம்பு வந்துவிட்டால் அதன் சலுகையும் முடிந்துவிடுகிறது.

இனி ரேடியத்துக்குக் கிடைத்த அந்த ஒரு பங்கைக் கவனியுங்கள். 0.07 மில்லியன் என்பது 70,000 எலக்ட்ரான் வோல்ட். படிகத்தில் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அணுவைப் பெயர்த்தெறிய அதில் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே பின்வாங்கும் அணுக்கரு தன் இருப்பிடத்தைப் பிய்த்துக்கொண்டு, பல அணுக்களை இடித்துத் தள்ளி, சில பத்து நானோமீட்டர் தூரம் போய்த்தான் நிற்கிறது. தோரியத்தின் வழித்தோன்றல்களில் ஒன்று ரேடியம்-224. அது சிதைந்து தோரான் என்ற வாயுவாக மாறும்போது, மணியின் மேற்பரப்பை ஒட்டிப் பிறக்கும் தோரான் அணு இந்தப் பின்னுதையாலேயே மணியை விட்டு வெளியே வீசப்படுகிறது. மணலிலிருந்து கதிரியக்க வாயு காற்றில் கலப்பதற்கு இது ஒரு முக்கிய வழி. கனமான பொருளுக்கு ஆற்றலில் சிறு பங்குதான் கிடைக்கிறது என்பது எப்போதும் உண்மை. அந்தச் சிறு பங்கு போதுமா போதாதா என்பதை விகிதம் சொல்லாது. எதை உடைக்க வேண்டியிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். தோளுக்கு 8 ஜூல் ஓர் உதை; அணுவுக்கு 70,000 எலக்ட்ரான் வோல்ட் ஒரு விடுதலை.